விசையைத் தந்து தூரத்தை வாங்கும் அலவாங்கு

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் கடலை அண்டிய வளவுகளில் மண்வெட்டியைப் போட்டால் மணல்தான் வரும். அப்படி ஒரு வளவில் மதில் கட்டப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அத்திவாரம் வெட்ட நூல் பிடித்தாயிற்று. நூலின் நடுவிலே ஒரு கருங்கல் கிடக்கிறது. எப்போதோ லொறியில் வந்து இறங்கிய கல். நீளம் 90 சென்ரிமீற்றர், அகலம் 60, உயரம் 50. கருங்கல் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 2,700 கிலோ இருக்கும். அந்தக் கணக்கில் இந்தக் கல் 730 கிலோ வரும். பத்துப் பேர் சேர்ந்தாலும் தூக்குவது கடினம். பத்துப் பேர் கை வைக்க இடமும் இல்லை. ஆனால் ஐந்தடி அலவாங்கு ஒன்றை வைத்துக்கொண்டு மேசன் ஒருவர் அதன் ஓரத்தைக் கிளப்பி விடுகிறார்.

பார்த்து நிற்பவர்கள் அலவாங்கு ஆளுக்குப் பலத்தைக் கூட்டிக் கொடுக்கிறது என்பார்கள். பரீட்சைத் தாளில் பிள்ளைகள் "நெம்பு வேலையை இலகுவாக்கும்" என்று எழுதுவார்கள். இரண்டும் பாதி உண்மை. கையால் கொடுக்கும் விசை குறைகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் குறைந்த விசைக்கு ஈடாக அலவாங்கு வேறொன்றை எங்களிடமிருந்து வாங்குகிறது. அது தூரம். எவ்வளவு வாங்குகிறது, எங்கே வாங்குகிறது என்பது தெரியாதவர் கையில் எவ்வளவு நல்ல அலவாங்கு இருந்தாலும் கல் அசையாது. நான் இங்கே விளக்க நினைப்பது அந்தக் கொடுக்கல் வாங்கலை.

அதை முதலில் சீசோவில் பார்ப்பதுதான் நல்லது. சீசோவில் தூரம் கண்ணுக்கு நேரே தெரியும். அலவாங்கில் அது கல்லுக்குக் கீழே ஒளிந்திருக்கும்.

மூன்று மீற்றர் நீளமான பலகை, சரி நடுவில் தாங்கி. ஒரு பக்க நுனியில் தங்கச்சி இருக்கிறாள், 20 கிலோ. மற்றப் பக்கம் அக்கா, 30 கிலோ. அக்காவும் நுனியில் இருந்தால் தங்கச்சி மேலே போய் நின்றுவிடுவாள், விளையாட்டு முடிந்துவிடும். எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும், அக்கா கொஞ்சம் உள்ளுக்கு வரவேண்டும். எவ்வளவு உள்ளுக்கு? தங்கச்சி தாங்கியிலிருந்து ஒன்றரை மீற்றரில் இருக்கிறாள். 20 ஐ 1.5 ஆல் பெருக்கினால் 30. அக்காவின் 30 கிலோவும் அதே 30 ஐத் தரவேண்டுமானால் அவள் தாங்கியிலிருந்து ஒரு மீற்றரில் இருக்கவேண்டும். பாரம் தர தூரம், இரண்டு பக்கமும் சமன். பாடப்புத்தகம் அந்தப் பெருக்கத்தைத் திருப்பம் என்கிறது, தாங்கி இருக்கும் இடத்தைப் பொறுதி என்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடிஸ் நிறுவி வைத்த விதி இது.

விதியை மனப்பாடம் செய்வது சுலபம். அது ஏன் அப்படி என்பதற்குப் பதில், பிள்ளைகள் ஆடும்போது ஓர் அளவு நாடாவைப் பிடித்தால் கிடைக்கும். தங்கச்சி 60 செ.மீ. மேலே போகும்போது அக்கா எவ்வளவு கீழே வருகிறாள்? 40 செ.மீ. மட்டும்தான். இருவரும் ஒரே பலகையில் இருக்கிறார்கள். பலகை சாயும் கோணம் இருவருக்கும் ஒன்று. பொறுதியிலிருந்து ஒன்றரை மடங்கு தள்ளி இருப்பவள் ஒன்றரை மடங்கு தூரம் போய்த்தான் ஆகவேண்டும். இப்போது பாரத்தையும் பயணத்தையும் பெருக்கிப் பாருங்கள். அக்கா: 30 கிலோ, 40 செ.மீ., பெருக்கம் 1,200. தங்கச்சி: 20 கிலோ, 60 செ.மீ., அதுவும் 1,200. பாரம் கூடியவள் குறைந்த தூரம் இறங்கி, பாரம் குறைந்தவளைக் கூடிய தூரம் ஏற்றுகிறாள். ஒரு பக்கம் செய்த வேலை மறுபக்கம் அப்படியே போய்ச் சேர்கிறது. பலகை தன் பங்குக்கு ஒன்றையும் கூட்டவில்லை, கூட்டவும் முடியாது.

சீசோவிலிருந்து இன்னொன்றையும் கவனித்து எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள தாங்கியில் எவ்வளவு பாரம்? அக்காவின் 30, தங்கச்சியின் 20, அதோடு பலகையின் பாரம். இரண்டு பக்கமும் சமப்பட்டுவிட்டதால் நடுவில் ஒன்றுமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லாம் வந்து இறங்குவது அங்கேதான். சீசோவில் அது ஒரு பொருட்டில்லை, ஏனென்றால் தாங்கியைக் கொங்கிறீற்றில் இறுக்கியிருப்பார்கள். அலவாங்கு வேலையில் தாங்கியை நாங்களே வைக்கிறோம், அதுவும் மணலில்.

இனிக் கல்லுக்கு வருவோம்.

அலவாங்கு என்பது பொறுதியை ஒரு நுனிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்த சீசோ. ஐந்தடி என்றால் ஏறத்தாழ 150 செ.மீ. அதன் தட்டையான நுனியைக் கல்லின் நீளப் பக்கத்து ஓரத்துக்குக் கீழே கொடுத்து, நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பொறுதியாக ஒரு முண்டுக்கல் வைக்கிறோம். கல்லின் பக்கம் 10 செ.மீ., கையின் பக்கம் 140 செ.மீ. ஒன்றுக்குப் பதினான்கு.

730 கிலோவைப் பதினான்கால் வகுத்தால் 52 கிலோ வரும். ஆனால் மேசன் அவ்வளவு அழுத்தத் தேவையில்லை. அவர் கல்லை முழுதாகத் தூக்கவில்லை, ஒரு ஓரத்தை மட்டும் கிளப்புகிறார். எதிர்ப்பக்க ஓரம் நிலத்திலேயே இருக்கிறது, பாரத்தின் மறுபாதியை நிலம் தாங்குகிறது. உண்மையில் கல்லே இங்கே ஒரு நெம்பு. அதன் பொறுதி தூரத்து ஓரம். ஆகவே அலவாங்கின் நுனியில் வருவது 365 கிலோ. அதைப் பதினான்கால் வகுத்தால் 26 கிலோ. அலவாங்கின் சொந்தப் பாரமும் ஏழு கிலோ அளவில் இருக்கும். அதில் பெரும் பகுதி கைப் பக்கம் கிடப்பதால் அதுவும் சேர்ந்து கீழே அழுத்தும். மேசனுடைய கைக்கு மிஞ்சுவது 23 கிலோ மட்டும். அரைப் பை சீமெந்துக்கும் குறைவு.

இதுவரை கேட்டவர்கள் சந்தோஷப்படுவார்கள். இனித்தான் விலை.

கையை எவ்வளவு தூரம் இறக்கலாம்? ஆள் நின்றபடி அழுத்தினால் இடுப்பளவில் தொடங்கிக் கெண்டைக்கால் அளவு வரைக்கும் இறக்கலாம். 70 செ.மீ. என்று வைப்போம். அதற்குக் கீழே போனால் குனிந்து, மணலில் கை முட்டும். கை 70 செ.மீ. இறங்கினால் கல்லின் ஓரம் எழும்புவது 70 இல் பதினான்கில் ஒன்று: 5 செ.மீ. இரண்டு விரல் தடிப்புக்குக் கொஞ்சம் கூட. சீசோவில் செய்த பெருக்கத்தை இங்கேயும் செய்து பாருங்கள். கல் பக்கம் 365 கிலோ, 5 செ.மீ., பெருக்கம் 1,825. கைப் பக்கம் 26 கிலோ, 70 செ.மீ., பெருக்கம் 1,820. வகுக்கும்போது விட்ட சில்லறையைத் தவிர்த்தால் இரண்டும் ஒன்று. அலவாங்கு ஒரு சதத்தையும் சும்மா தரவில்லை.

இந்த இடத்தில் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லாருக்கும் ஒரே யோசனை வரும். முண்டுக்கல்லைக் கல்லுக்கு இன்னும் கிட்டத் தள்ளினால் இன்னும் இலேசாகும்தானே? ஆகும். பத்து செ.மீ. தூரத்தை ஐந்தாக்கினால் கைப் பக்கம் 145, கல் பக்கம் 5, ஒன்றுக்கு இருபத்தொன்பது. 13 கிலோ அழுத்தினால் போதும். ஆனால் அதே 70 செ.மீ. இறக்கத்துக்குக் கல் எழும்புவது 2.4 செ.மீ. மட்டுமே. ஒரு பலகைத் துண்டைச் செருகக்கூட இடம் வராது. மாறாக, முண்டுக்கல்லை நுனியிலிருந்து 20 செ.மீ. தள்ளி வைத்தால் ஒரே அழுத்தில் 10 செ.மீ.க்கு மேல் எழும்பும், ஆனால் 56 கிலோ கொடுக்கவேண்டும். ஒல்லியான ஆள் அலவாங்கில் தொங்கினாலும் போதாமல் போகலாம். ஆகவே எவ்வளவு கிட்ட வைக்கலாம் என்று கேட்பது சரியான கேள்வியல்ல. ஒரு அழுத்தில் எவ்வளவு எழும்பினால் கல்லின் கீழ் பலகைத் துண்டு செருகலாம், அந்த எழும்பலுக்கு என் உடம்பால் கொடுக்கக்கூடிய அழுத்தம் போதுமா என்று இரண்டு பக்கமும் பார்த்துத்தான் இடம் பிடிக்கவேண்டும். 10 செ.மீ. அளவு இந்தக் கல்லுக்குப் பொருந்துகிறது. சின்னக் கல்லுக்கு 20 தான் புத்தி.

இனி, உப்புவெளி மணல். என் பார்வையில் அலவாங்கு வேலை பிழைக்கும் இடங்களில் முக்கால்வாசி இங்கேதான். ஆனால் பாடப்புத்தகப் படங்களில் பொறுதி ஒரு சின்ன முக்கோணமாக, அசையாமல், எதிலும் புதையாமல் நிற்கிறது. அதனால் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

பையன் அலவாங்கைப் பிடித்து அழுத்துகிறான். கைப்பிடி நல்லாக இறங்குகிறது. கல் அப்படியே கிடக்கிறது.

"அண்ண, இது கிளம்பாது. ஆக்கள் காணாது."

"கல்ல என்னத்துக்குப் பாக்கிற? முண்டுக்கல்லப் பார். அது மண்ணுக்குள்ள போகுது."

மேசன் சொன்னது முழுவதும் சரி. சீசோவின் தாங்கியை நினைத்துப் பாருங்கள்: இரண்டு பக்கப் பாரமும் அதிலேதான். இங்கே கல்லின் 365 கிலோவும் கையின் 26 கிலோவும் கூடி, 390 கிலோ முண்டுக்கல்லில் இறங்குகிறது. பையன் கையில் உணர்வது 26. முண்டுக்கல் உணர்வது அதன் பதினைந்து மடங்கு. முண்டுக்கல் பத்துக்குப் பத்து செ.மீ. அளவான சில்லு என்றால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மணலிலும் ஏறத்தாழ நான்கு கிலோ அழுத்துகிறது. அதே மணலில் ஓர் ஆள் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் சதுர சென்ரிமீற்றருக்குக் கால் கிலோகூட வராது. அப்படியிருக்கச் சில்லு புதையாமல் என்ன செய்யும்?

புதைவது பெரிய அளவில் இருக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் மோசமான பகுதி. முண்டுக்கல் 2 செ.மீ. தாழ்கிறது என்று எடுங்கள். கல்லுக்குக் கீழே உள்ள நுனி அசையவில்லை. நுனியிலிருந்து 10 செ.மீ.யில் 2 செ.மீ. இறக்கம் என்றால் 150 செ.மீ.யில் உள்ள கை 30 செ.மீ. இறங்கிவிடும். எழுபதில் முப்பது வீணாய்ப் போயிற்று. மிச்சம் 40 செ.மீ., அது கல்லை எழுப்புவது மூன்று செ.மீ.கூட இல்லை. ஐந்து செ.மீ. கிட்டத் தாழ்ந்தால் எழுபதும் போய்விடும். கல் ஒரு மயிரிழையும் கிளம்பாது. கை செய்த வேலை வீண்போகவில்லை, அது மணலை அமத்தும் வேலையாக மாறியிருக்கிறது. அலவாங்கு விசையைப் பெருக்குவது போலவே பொறுதியில் நடக்கும் சின்னத் தாழ்வையும் கைப் பக்கத்தில் பெருக்கிக் காட்டுகிறது. கல் பக்கத்தில் எங்களுக்குக் கிடைப்பதே ஐந்து செ.மீ. என்பதால், பொறுதியில் இழக்கும் ஒவ்வொரு செ.மீ.யும் உயிருக்கு உலை வைப்பது போலத்தான்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கை இறங்கும்போது கண்ணைக் கல்லில் வைக்காமல் முண்டுக்கல்லின் அடியில் வைக்கவேண்டும். அதைச் சுற்றி மணல் பிதுங்கி மேடு கட்டினால் அது தாழ்கிறது. இன்னொரு அடையாளம் கையிலேயே தெரியும். கல் எழும்பும்போது கை ஒரே சீரான கனத்தோடு இறங்கும், விட்டால் உடனே மேலே தள்ளும். மணல் அமரும்போது கை மெத்தென்று இறங்கும், விட்டால் திரும்பி வராது.

"பலகை ஒண்டு கொண்டா. அதுக்கு மேல முண்ட வை."

முப்பதுக்கு நாற்பது செ.மீ. அளவான தடித்த பலகை ஒன்றை மணலில் மட்டமாகப் போட்டு, அதன்மேல் முண்டை வைத்தால் அதே 390 கிலோ 1,200 சதுர சென்ரிமீற்றரில் பரவுகிறது. சதுர சென்ரிமீற்றருக்கு மூன்றில் ஒரு கிலோ. ஓர் ஆள் நிற்கும் அழுத்தத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மணல் அதைத் தாங்கும். பலகை மெல்லியதென்றால் நடுவில் வளைந்து முறியும். அப்போது பரப்பிய பயன் போய்விடும்.

பலகைக்கு மேலே வைக்கும் முண்டு எப்படி இருக்கவேண்டும் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கையில் அகப்பட்ட தென்னங்குற்றித் துண்டை உருட்டி வைப்பது வழக்கம். 16 செ.மீ. தடிப்பான குற்றி என்றால் அழுத்தத் தொடங்கும்போது இலேசாக இருக்கும், முடிவை நெருங்க நெருங்கக் கனக்கும். கல் கனத்துவிட்டதா? இல்லை. அலவாங்கு சாயச் சாய அது குற்றியைத் தொடும் இடம் வளைவின்மேல் கைப் பக்கமாக நகர்ந்து வருகிறது. தொடங்கும்போது நுனியிலிருந்து 10 செ.மீ.யில் இருந்த பொறுதி முடியும்போது 14 செ.மீ.க்கு வந்துவிடும். 26 கிலோ 38 கிலோவாகும். பலகைக்கு மேல் கட்டியான, ஒடுங்கிய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்தால் இந்த நகர்வு ஒரு செ.மீ. அளவில் அடங்கிவிடும். அடியில் அகலம், மேலே ஒடுக்கம். மணல் நிலத்தில் முண்டுக்கு அதுதான் இலக்கணம்.

முண்டின் உயரமும் கணக்கில் வரும். கைப்பிடி நிலத்துக்குக் கீழே போகாது. அலவாங்கு மட்டமாகக் கிடக்கும் நிலைக்கு வந்ததும் ஏறத்தாழ எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நிலையில் நுனி முண்டின் உயரத்தில்தான் இருக்கும். அப்படியானால் 5 செ.மீ. உயரமான முண்டை வைத்துக்கொண்டு கல்லின் ஓரத்தை 10 செ.மீ.க்குக் கிளப்ப எந்தப் பலசாலியாலும் முடியாது. முண்டு 8 செ.மீ. உயரம், நுனி தொடங்கும்போது நிலத்திலிருந்து 2 செ.மீ. உயரம் என்றால், 7 செ.மீ. வரை நுனியைக் கொண்டுபோகலாம். நாங்கள் சொன்ன 5 செ.மீ. எழும்பல் இப்படி வந்ததுதான். முதல் நுனி செருகுவதற்குக் கல்லின் ஓரத்தின் கீழிருந்து கொஞ்சம் மணலைக் கிண்டி எடுப்பார்கள். கல்லின் கீழ் முழுவதும் கிண்டக்கூடாது. எதிர்ப்பக்க ஓரத்தின் கீழ் மணல் இளகினால் கல் தன் பாட்டில் சரியும்.

இப்போது அந்தக் கல்லைக் குழாய் உருளைகளில் ஏற்றித் தள்ளிவிட 15 செ.மீ. உயர்த்தவேண்டும் என்று வைப்போம். ஒரே அழுத்தில் 15 கிடைக்காது. குறைந்தது மூன்று தடவை எடுக்கவேண்டும். முதல் அழுத்தில் 5 செ.மீ. எழும்பியதும் மேசன் அலவாங்கைப் பிடித்தபடி நிற்க, மற்றவர் கல்லின் கீழ் பலகைத் துண்டுகளை இரண்டு பக்க மூலையிலும் செருகுகிறார். கையால் அல்ல, இன்னொரு தடியால் தள்ளி. அந்த நேரத்தில் கல்லின் 365 கிலோவைத் தடுத்து நிற்பது ஒரு ஆளின் 26 கிலோ மட்டும்; கை வழுக்கினால் கல் விழுவதற்கு நேரம் எடுக்காது, அலவாங்கின் கைப்பிடி மேலே பாய்ந்து தாடையில் அடிப்பதற்கும் நேரம் எடுக்காது. ஆகவே அலவாங்குக்கு நேர் மேலே முகத்தை வைத்துக்கொண்டு அழுத்தக்கூடாது.

பலகைகளைச் செருகியதும் மெல்ல விட்டுக் கல்லை அவற்றில் இருத்துகிறார்கள். இங்கேயும் ஒன்று கழியும். செருகிய பலகைகள் மணலில் கொஞ்சம் அமரும். 5 செ.மீ. எழுப்பிய இடத்தில் 4 தான் தங்கும். பிறகு அலவாங்கின் முண்டை உயர்த்த, அதன் அடிப் பலகைக்கு மேலே இன்னொரு பலகை. அலவாங்கைத் திரும்பக் கொடுத்து அடுத்த அழுத்து. இப்படி நான்கு தடவையில் ஓரம் 15 செ.மீ. வரும். மொத்தத்தில் கை இறங்கிய தூரம் இரண்டு மீற்றருக்கு மேல். இவ்வளவும் ஒரு பக்க ஓரத்துக்கு மட்டும். மறுபக்கத்துக்கும் இதே பாடு உண்டு. தூரத்தை மொத்தமாகக் கொடுக்க ஆளின் உடம்பால் முடியாது. தவணை தவணையாகக் கொடுத்து, ஒவ்வொரு தவணையையும் பலகை போட்டுப் பூட்டி வைக்கவேண்டும். அலவாங்கைப் பிடிப்பவரை எல்லாரும் பார்க்கிறார்கள். பலகை செருகுபவர் பிழை விட்டால் அலவாங்கு பிடித்தவர் பட்ட பாடு முழுவதும் மணலுக்குப் போகும்.

அலவாங்கை இன்னொரு விதமாகவும் பிடிக்கலாம். முண்டுக்கல்லே வேண்டாம். நுனியைக் கல்லின் கீழ் நல்லாக உள்ளே கொடுத்து நிலத்தில் ஊன்றி, கைப்பிடியை மேலே தூக்குவது. நுனி ஊன்றிய இடமே பொறுதி. கல்லின் ஓரம் நுனியிலிருந்து 10 செ.மீ.யில், கை 150 செ.மீ.யில். ஒன்றுக்குப் பதினைந்து. விசைக் கணக்கில் முதல் முறையைவிட ஒரு படி நல்லது. ஆனால் அலவாங்கின் பாரத்தையும் இப்போது நாங்களே தூக்கவேண்டும். அழுத்தும்போது உதவிய அதே இரும்பு தூக்கும்போது மூன்று நான்கு கிலோவைக் கூட்டிவிடும். அதைவிட, அழுத்துவதற்கு உடம்பின் பாரம் துணை. தூக்குவதற்கு முதுகும் தொடையும்தான் துணை. எல்லாவற்றையும்விட முக்கியம், ஊன்றிய நுனி நிலத்தில் 340 கிலோவால் குத்துகிறது. அந்த நுனியின் அகலம் மூன்று நான்கு விரல். ஓர்ஸ்ஹில் மேட்டில் இறுகிய கல் நிலம் அதைத் தாங்கும். அங்கே இந்த முறை வேகமானது, முண்டுக்கல் தேடி அலையத் தேவையில்லை. உப்புவெளி மணலில் நுனி ஆணி மாதிரி இறங்கிவிடும். ஓரிடத்தில் கைகொடுத்த முறை மூன்று நான்கு கிலோமீற்றர் தள்ளி ஏன் கைவிடுகிறது என்று கேட்டால், நெம்பு மாறவில்லை, பொறுதிக்குக் கீழே உள்ள நிலம் மாறிவிட்டது.

கடைசியாக, கல் உண்மையிலேயே பெரிதாக இருந்து ஒருவரின் பாரம் போதாமல் போனால் என்ன செய்வது? இரண்டாவது ஆளும் வந்து அதே அலவாங்கில் தொங்குவதை அடிக்கடி காணலாம். இருவருமாக 120 கிலோ என்றால் நுனிக்கு 1,680 கிலோ வரை போகலாம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பாரம் முழுவதும் அலவாங்கை வளைக்கப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று, பொறுதியில் அது தங்கி நிற்கும் இடம். வளைந்த அலவாங்குகளை எடுத்துப் பாருங்கள். வளைவு அநேகமாக நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும். குழாயை மாட்டிக் கைப் பக்கத்தை நீட்டினாலும் இதே கதிதான், அதோடு முண்டில் இறங்கும் பாரமும் கூடும்.

இரண்டு ஆள் இருந்தால் இரண்டு அலவாங்கு வேண்டும், இரண்டுக்கும் தனித்தனிப் பலகை, தனித்தனி முண்டு. ஒன்றைக் கல்லின் ஒரு மூலைக்குக் கிட்டவும் மற்றதை மறு மூலைக்குக் கிட்டவும் கொடுத்தால் 365 கிலோ இரண்டாகப் பிரியும். ஒவ்வொருவர் கைக்கும் 13 கிலோ, ஒவ்வொரு முண்டுக்கும் 200 கிலோவுக்குள். மணலுக்கும் இரும்புக்கும் பாதிப் பாரம், எழும்பும் தூரமோ அதே 5 செ.மீ. ஒரே குரலுக்கு இருவரும் சேர்ந்து இறக்கவேண்டும். ஒருவர் முந்திவிட்டால் பாரத்தில் பெரும் பங்கு அவருடைய அலவாங்குக்குப் போய்விடும். மற்றவருடைய நுனிக்கும் கல்லுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் அப்படி நடந்துவிட்டது என்று அறியலாம்; உடனே இருவரும் விட்டு, திரும்பத் தொடங்கவேண்டும்.